பட்டப் படிப்புக்குப் பின் ஓராண்டு: டெல்டாவில் எந்த மாதத்தில் எந்த வேலையைப் பழகுவது

கல்லூரி முடிந்ததும் ஓராண்டு எடுத்துக்கொண்டு, எந்த வேலை நமக்கு ஒத்துவரும் என்று பழகிப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "சும்மா இருக்கப் போகிறேன்" என்று சொன்னதாகத்தான் பெற்றோர் காதில் விழும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. திட்டமில்லாமல் விட்டால் ஜூன் மாதம் சான்றிதழுக்கு அலைவதில் போகும், தீபாவளி வரும், மழை வரும், பொங்கல் முடியும், அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கிவிடும்.

நான் பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போய் பி.காம். படித்தவள். இந்த ஓராண்டை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர யாரும் இல்லாமல் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஒரு வேலையைப் பழகிப் பார்ப்பதென்றால், அந்த வேலை மூச்சுவிட நேரமில்லாமல் நடக்கும் மாதத்தில் போய்ப் பாருங்கள். மந்தமான மாதத்தில் எந்த அலுவலகமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1. சான்றிதழ்களை ஜூலைக்குள் முடியுங்கள்

கல்லூரியிலிருந்து வாங்க வேண்டியவை மூன்று: மாற்றுச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் தற்காலிகச் சான்றிதழ் போதும். நூலகப் பாக்கி, கட்டணப் பாக்கி, துறைத் தலைவர் கையெழுத்து என்று ஒவ்வொன்றாக இழுக்கும் என்பதால், தேர்வு முடிவு வந்த வாரமே போய் நில்லுங்கள். விடுமுறைக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள் புதிய மாணவர் சேர்க்கைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்து இ-சேவை மையம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கணினியில் மேலே போகும். ஒப்புகைச் சீட்டின் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த மேசையில் நிற்கிறது என்பதை அதை வைத்தே பார்க்கலாம். வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். மேற்படிப்புக்கு அடுத்த ஆண்டு கேட்பார்கள் என்றால் இப்போதே வாங்கி வீணாக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது இன்ஷியல். மதிப்பெண் பட்டியலில் "எஸ். கவிதா" என்று இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும், வங்கிக் கணக்கில் இன்ஷியலே இருக்காது. மனிதர்கள் இதைப் பொருட்படுத்த மாட்டார்கள், இணையதளங்கள் ஏற்காது. எது ஒத்துப்போகவில்லை என்று மூன்றையும் மேசையில் பரப்பிப் பார்த்து, ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். செலவு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். ஆகவே எழுத்துக்கூட்டலைத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் இந்த மாதத்திலேயே செய்துவிடுங்கள். tnvelaivaaippu.gov.in தளத்தில் இலவசமாகப் பதியலாம். மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வேலைவாய்ப்பகம் பெயர்களைப் பரிந்துரைக்கும்போது பதிவு மூப்பைப் பார்ப்பார்கள் என்பதால் தள்ளிப்போடுவதில் நஷ்டம் நமக்குத்தான்.

2. அப்ரண்டிஸ் பயிற்சியா, பழகிப் பார்ப்பதா: முதலிலேயே முடிவெடுங்கள்

அப்ரண்டிஸ் என்றாலே ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. கும்பகோணம் அரசுப் போக்குவரத்துக் கழகம், காரைக்காலில் உள்ள ஓ.என்.ஜி.சி. போன்றவை இப்படிப்பட்ட அறிவிப்புகளை வெளியிடுகின்றன. பதிவு செய்ய வேண்டிய தளம் nats.education.gov.in. பயிற்சி ஓராண்டு. 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் வைத்தன. நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிப்பில் என்ன தொகை போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு. அரசின் பங்கு ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கே வரும். மேலே சொன்ன இன்ஷியல் சிக்கல் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. பட்டம் பெற்ற பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவமோ பயிற்சியோ இருந்தால் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. ஒரு முறை முடித்தவர் மறுமுறையும் சேர முடியாது. ஆகவே ஏதோ ஒரு நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கோடு ஒன்றேகால் ஆண்டு இருந்துவிட்டு, "இது சரிப்படவில்லை, அப்ரண்டிஸ் போகிறேன்" என்றால் கதவு மூடியிருக்கும்.

எந்தத் துறை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் அப்ரண்டிஸுக்கே போங்கள். தெரியாது என்றால், இந்த ஆண்டைச் சிறு பயிற்சிகளாகப் பிரித்துப் பழகிவிட்டு, அடுத்த ஆண்டு அப்ரண்டிஸ் எழுதுங்கள். அறிவிப்புகளில் தேர்ச்சி பெற்ற ஆண்டுக்கு வரம்பு போடுவார்கள் என்பதால் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது வழியில் போனேன். இனி சொல்வது அதைப் பற்றித்தான்.

3. ஆண்டை மூன்றாகப் பிரியுங்கள்

நம் ஊரில் வேலைக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதை ஒட்டிக் குறுவை, அது முடியும்போது சம்பா, தாளடி, மார்கழி கழிந்ததும் பெரிய அறுவடை. அரிசி ஆலை, உரக்கடை, டிராக்டர் கடன் கொடுக்கும் வங்கி எல்லாம் இதைப் பின்பற்றியே ஓடுகின்றன. ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருமான வரிப் பஞ்சாங்கம் தனி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆண்டு தானாகப் பிரியும்: ஜூலை முதல் செப்டம்பர் வரை கணக்கு அலுவலகம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே ஒரு திறன், ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை சார்ந்த வேலை.

உங்கள் பாடம் வேறாக இருந்தால் வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள். மாத அளவை மாற்ற வேண்டாம். ஒரு மாதத்தில் எந்த வேலையும் புதுமையாகத்தான் இருக்கும். இரண்டாம் மாதத்தில் அலுப்புத் தட்டும். மூன்றாம் மாதத்தில்தான், அலுப்பு புதியவருக்கு வரும் அலுப்பா, வேலையே பிடிக்காத அலுப்பா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

4. ஆடிட்டர் அலுவலகம்: ஜூலை முதல் செப்டம்பர் வரை

சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31 கெடு. தணிக்கை அறிக்கைகளுக்குச் செப்டம்பர் 30. அரசு சில ஆண்டுகளில் நீட்டிப்பும் கொடுக்கும். இவற்றுக்கு நடுவே மாதந்தோறும் ஜிஎஸ்டி சுற்று ஓடும்: 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 14-ஆம் தேதி கொள்முதல் வரவுப் பட்டியல் தளத்தில் வரும், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டிக் கணக்குத் தாக்கல்.

வாய்ப்புக் கேட்கப் போகும் நாளும் இதைப் பொறுத்தது. 10-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில் போனால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். 21-ஆம் தேதிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்குப் பின் போங்கள். "ஏதாவது வேலை இருக்கிறதா சார்" என்று கேட்க வேண்டாம். "பி.காம். முடித்திருக்கிறேன் சார். செப்டம்பர் 30 வரை வருகிறேன். பில் பதிவு செய்கிறேன், ஜிஎஸ்டி ஒத்திட்டுப் பார்ப்பதைக் கற்றுக்கொடுங்கள், பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்தால் போதும்" என்று சொல்லுங்கள். முடிவுத் தேதி சொல்லிக் கேட்பவரை மறுப்பது கடினம். பிடிக்காவிட்டாலும் செப்டம்பரில் போய்விடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஒப்புக்கொண்டால் சேரும் நாள், முடியும் நாள், நேரம், கற்றுத்தரும் வேலை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரைத் தாள் தேவையில்லை.

முதல் வாரங்களில் பழைய பில்களைத் தேதிவாரியாக அடுக்கத்தான் விடுவார்கள். அதைச் சலிக்காமல் செய்யுங்கள். உண்மையான வேலை 14-ஆம் தேதிக்குப் பிறகு தெரியும். ஒரு பாத்திரக்கடையின் கொள்முதல் பில்களை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் வைத்திருக்கும் பில்லில் 0147 என்று இருக்கும். தளத்துப் பட்டியலில் 147 என்று இருக்கும். தொகை ஒன்றுதான், ஆனால் கணினி இரண்டும் வேறு என்று சொல்லும். இன்னொரு பில் பட்டியலிலேயே இருக்காது. சரக்கு விற்றவர் தன் கணக்கில் அதைக் காட்டவில்லை. காட்டாத பில்லுக்கு நம் கடைக்காரர் கட்டிய வரியை இந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. சிவகாசிக்கோ சேலத்துக்கோ போன் போட்டு, விற்றவரின் கணக்குப்பிள்ளையிடம் பேசி, அடுத்த மாதமாவது ஏற்றச் சொல்ல வேண்டும்.

உங்களை நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த ஒற்றை பில் எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை என்றால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும். பதிவு செய்வது பிடிக்கிறது, போன் போட்டுக் கேட்கத்தான் கூசுகிறது என்றால், அது பயம். பழகப் பழகப் போய்விடும். தொகை ஒத்துப்போகாததே உங்களை உறுத்தவில்லை, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது என்றால், எத்தனை ஆண்டு இருந்தாலும் இந்த வேலை பாரமாகத்தான் இருக்கும். இதைத் தினமும் சாயங்காலம் பஸ்ஸிலேயே நாலு வரி எழுதிவிடுங்கள்: இன்று என்ன செய்தேன், எதில் நேரம் போனதே தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டேன். மாதக் கடைசியில் யோசித்து எழுதினால் நினைவு நம்மை ஏமாற்றும்.

5. மழை மாதங்கள்: ஒரே ஒரு திறன்

ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கு விடுமுறை விடும் அளவுக்கு மழை பிடிக்கும். பஸ் நேரம் தப்பும். புது இடத்தில் போய்ப் பழக ஏற்ற காலம் இல்லை. உட்கார்ந்து கற்க ஏற்ற காலம்.

முதல் மூன்று மாதத்தில் எதில் தடுமாறினீர்களோ அதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். எனக்கு டேலியும் எக்செலும் தேவைப்பட்டன. வகுப்பில் சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு கடையின் ஒரு மாத பில்களைக் கொடுத்து, பதிவு முதல் வங்கிக் கணக்கை ஒத்திடுவது வரை செய்யவைப்பீர்களா?" இல்லை என்றால் அங்கே கொடுக்கும் சான்றிதழ் சட்டமிட்டு மாட்டத்தான் உதவும். தட்டச்சு கற்க விரும்பினால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கிறது. பிப்ரவரியில் எழுத நினைப்பவர்கள் மழைக்கு முன்பே காலை வகுப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன் என்று ஆண்டு முழுவதையும் நூலகத்தில் கழிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையாகப் படிப்பவர்களுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு இருக்கிறது. ஒருமுறைப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். ஆனால் எந்தத் தேர்வு, எந்தத் தேதி என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் படிப்பது வீட்டாருக்குச் சொல்லும் பதிலுக்காகத்தான்.

இந்த மாதங்களில் தவறவிடக்கூடாத வேலை ஒன்று உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க எழுத வேண்டிய பொது நுழைவுத் தேர்வுக்கு டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விண்ணப்பம் வாங்குகிறார்கள். எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கான டான்செட் அறிவிப்பும் ஏறக்குறைய அதே காலத்தில் வரும். மேற்படிப்பை ஏப்ரலில் யோசிக்கலாம் என்று இருப்பவர்கள் இங்கேதான் ஓராண்டை இழக்கிறார்கள். போகப் போகிறோமா என்று தெரியாவிட்டாலும் விண்ணப்பத்தைப் போட்டுவையுங்கள்.

6. அறுவடைக் காலம்: அரிசி ஆலை

பொங்கலுக்குப் பிறகு டெல்டா முழுக்க நெல் நகரும். நேரடிக் கொள்முதல் நிலையங்களின் பருவகாலப் பணிக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் அறிவிப்பு வெளியிட்டே ஆள் எடுக்கும்; "நான் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். நமக்குப் பழக எளிதான இடம் தனியார் அரிசி ஆலையின் அலுவலகம். அப்பாவோ மாமாவோ நெல் போடும் ஆலையாக இருந்தால் கேட்பது இன்னும் சுலபம்.

அங்கே போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். எடை மேடைக்கும் ஈரப்பதக் கருவிக்கும் பக்கத்தில் நில்லுங்கள். ஆலையின் லாபமும் நஷ்டமும் அங்கேதான் முடிவாகிறது. கணக்கைப் பாருங்கள். 40 கிலோ சிப்பம் 500 வந்தால் 20,000 கிலோ. ஈரப்பதம் 17 சதவீதம் என்றால், 14 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு எடை சுமார் 19,300 கிலோ. அதே சுமையில் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் காய்ந்த பிறகு சுமார் 18,600 கிலோதான். கருவியில் மூன்று புள்ளி வித்தியாசம், ஆலைக்கு 700 கிலோ வித்தியாசம். அரசு கொள்முதலில் 17 சதவீதம் என்ற வரம்புக்காக விவசாயிகள் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைப்பது ஏன் என்பதும், மழை நனைத்த ஆண்டில் தளர்வு கேட்டுக் குரல் எழுவது ஏன் என்பதும் அப்போது புரியும்.

மாதிரியை எந்தச் சிப்பத்திலிருந்து எடுக்கிறார்கள், மேலிருந்தா அடியிலிருந்தா என்று பாருங்கள். விவசாயியும் மேஸ்திரியும் வாக்குவாதம் செய்யும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றும் பாருங்கள். சிலருக்கு அந்தச் சத்தத்தில்தான் மூளை தெளிவாக ஓடும், எனக்கு ஓடவில்லை. ஆனால் எடைச் சீட்டுகளையும் அரிசி, தவிடு, குருணை வரவையும் வைத்து ஒரு நாள் கணக்கு நேராகிறதா என்று பார்ப்பது மிகவும் பிடித்தது. சரக்கும் ஆலையும் சார்ந்த கணக்குத்தான் என் பாதை என்று அங்கேதான் தெரிந்தது. ஆடிட்டர் அலுவலகத்தோடு நின்றிருந்தால் அது தெரிந்திருக்காது.

7. செலவு

பயிற்சிக்குப் பெரும்பாலும் பஸ் செலவும் சாப்பாடும்தான் கிடைக்கும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லை. புறநகர்ப் பேருந்துக்கு இது பொருந்தாது. நேரம் கொஞ்சம் கூடினாலும் நகரப் பேருந்து வழியில் உள்ள இடமாகத் தேர்ந்தெடுத்தால் மாதச் செலவு பெரிதும் குறையும். வீட்டில் வாங்கும் தொகையை மாதத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கையேந்தி நிற்பதில்தான் பலருடைய ஆண்டு பாதியில் முறிகிறது.

8. கொடுக்கக்கூடாதவை

அசல் சான்றிதழ்களை எங்கும் ஈடாகக் கொடுக்காதீர்கள். ஒரு நிறுவனத்தில் என்னிடம் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு, "வேலையை விட்டுப் போகும்போது தருவோம்" என்றார்கள். அன்றே எழுந்து வந்துவிட்டேன். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். நகலின் மேல் எதற்காகக் கொடுத்தது என்று தேதியோடு எழுதுங்கள்.

வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களையும், வீட்டிலிருந்தே பதிவு வேலை என்று வைப்புத்தொகை கேட்பவர்களையும் தவிர்த்துவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்று வந்தால், ஏஜென்ட் eMigrate தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வரம்பு. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலோ, கம்போடியா, மியான்மர் பக்கம் கணினி வேலை என்றாலோ பேச்சை அங்கேயே முடியுங்கள். அப்படிப் போனவர்கள் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியிருக்கிறார்கள்.

9. மார்ச் கடைசியில் வாங்க வேண்டிய தாள்

ஒவ்வோர் இடத்திலிருந்தும் விடைபெறும் நாளிலேயே நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் கடிதம் வாங்குங்கள். பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் கிடைக்காது. வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை சுலபம். "நல்ல முறையில் பணியாற்றினார்" என்ற வரி எதற்கும் உதவாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை கடைகளின் கொள்முதல் பில்களை ஒத்திட்டார், எந்தப் பதிவேட்டைப் பராமரித்தார் என்று இருக்கட்டும். நீங்கள் செய்தது பயிற்சி என்றால் பயிற்சி என்றே எழுதச் சொல்லுங்கள். சலுகையாக ஓராண்டு அனுபவம் என்று போட்டுத் தந்தால், இரண்டாவது பகுதியில் சொன்ன விதிப்படி அப்ரண்டிஸ் வாய்ப்பை அந்த ஒரு வரியே அடைத்துவிடும்.